வெற்றுக் கட்டங்கள்

அக்கா மகள் வேளாண்மை படிக்கிறாள். போன விடுமுறையில் சேரங்கோட்டுக்கு வந்தபோது பயிர்ச் சுழற்சி பற்றிய வகுப்புக் குறிப்பேட்டை என் மடியில் போட்டாள். "சின்னம்மா, இதை நம்ம ஊர்ப் பொம்பளைங்க சுவத்துல மாட்டுற மாதிரி ஒரே தாள்ல பண்ணணும். தமிழ் உங்க பொறுப்பு."

குறிப்புகளில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அவை சமவெளியின் குறிப்புகள். குறுவை ஜூனில் விதைப்பு, ஆடிப்பட்டத்தில் மானாவாரி என்று போயின. எங்கள் பந்தலூர்ப் பக்கம் ஆடி என்பது தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மாதம். அப்போது மண்ணில் போடும் விதை முளைப்பதைவிட அழுகுவதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டாம் நாளே நெல்லை விட்டுவிட்டு, அக்கா குத்தகைக்கு எடுத்திருக்கும் பத்து சென்ட் இஞ்சிக்கு வந்தோம்.

தாளில் பன்னிரண்டு மாதங்களையும் அரை மாதங்களாகப் பிரித்து 24 கட்டங்கள் போட்டோம். முதல் வேலை, குறிப்பேட்டில் இருந்த தேதிகளை நாள் கணக்காக மாற்றுவது. இஞ்சி நடுவதைக் காலண்டர் முடிவு செய்வதில்லை, கோடை மழை முடிவு செய்கிறது. ஏப்ரலிலோ மே முதல் பாதியிலோ மண் நனைந்ததும் நடவேண்டும். அதை 'நாள் 0' என்று வைத்தோம். நட்ட அன்றே பாத்தியைத் தழையால் மூட வேண்டும். பிறகு 40ஆம் நாளிலும் 90ஆம் நாளிலும் களையெடுத்து, மண் அணைத்து, மறுபடி மூடாக்கு. ஏறத்தாழ 240ஆம் நாளில், இலை மஞ்சளாகிக் காய்ந்ததும் அறுவடை. ஏப்ரல் 28இல் நட்டால் ஜூன் 7, ஜூலை 27, டிசம்பர் 24 என்று வரும். மழை பத்து நாள் தள்ளினால் எல்லாமே பத்து நாள் தள்ளும்.

அவள் விதைப்புக்குப் பச்சை, அறுவடைக்கு மஞ்சள் பூசினாள். பராமரிப்புக்கு மூன்று சின்னப் புள்ளிகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்த அக்கா, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பார்த்தாள். "இந்தக் கட்டமெல்லாம் ஏன் சும்மா கெடக்கு? அப்பதானே எங்களுக்கு இடுப்பு ஒடியுது!"

கணக்குப் போட்டோம். ஹெக்டேருக்கு 1,500 கிலோ விதை இஞ்சி என்றால் பத்து சென்டுக்கு 60 கிலோ. இது குறிப்பேட்டில் இருந்தது. நடும்போது ஹெக்டேருக்குப் பத்து டன் தழை, அடுத்த இரண்டு முறையும் ஐந்தைந்து டன். இதுவும் இருந்தது. பத்து சென்டுக்கு 400, 200, 200 கிலோ. ஒரு தலைச்சுமை இருபது கிலோ என்று வைத்தால் மொத்தம் நாற்பது சுமை. வெட்டிச் சரிவில் இறக்கி வருவது யார் என்பது மட்டும் குறிப்பேட்டில் இல்லை. 'மூடாக்கு இடப்படும்' என்றிருந்தது. தமிழில் செயப்பாட்டுவினை எத்தனை பெண்களை விழுங்கியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனைக்கும் இலக்கணம் நடத்தித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

நடவு நேரத்தில்தான் தேயிலையிலும் கொழுந்து பெருகுகிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காக எழுந்த தோட்டம் இது. அவர்களின் மகள்களும் பேத்திகளும் பகலில் அங்கே நிரை பிடித்துவிட்டு, மிச்ச வெளிச்சத்தில் இஞ்சிக்கு வருகிறார்கள். ஆகவே இஞ்சி வரிசைக்குக் கீழே கொழுந்து வரிசையும், அதற்கும் கீழே 'கை' என்று ஒரு வரிசையும் சேர்த்தோம். எந்த அரை மாதத்தில் இரண்டு வேலைகள் மோதுகின்றனவோ அங்கே சிவப்பு. ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும் சிவந்தன. தழையை நடவுக்கு முந்தைய வாரமே வெட்டிக் குவித்துவைக்கலாம் என்ற யோசனை அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வந்தது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெறுமையாக இருந்த இடத்தில் அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். கீழ் இலையின் நுனி மஞ்சளானால் தண்டைப் பிடித்து இழுத்துப் பார். அடி நீர்கோத்து, கையோடு வந்தால் அழுகல் நோய். அந்தத் தூரை மண்ணோடு தோண்டி வெளியே கொண்டுபோ, தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடு. குறிப்பேட்டில் இதற்கு நோய்க்கிருமியின் பெயர் இருந்தது, பித்தியம். பார்க்கும் முறை இல்லை. மழை விடாத வருஷத்தில் இதையெல்லாம் செய்தும் பாதிப் பாத்தி போய்விடும் என்றாள் அக்கா. அடுத்த வருஷம் அதே இடத்தில் இஞ்சி வைக்கக் கூடாது. அதற்கும் ஒரு கட்டம்.

தாள் இப்போது அடுப்பங்கரைச் சுவரில் இருக்கிறது. 'முதல் மழை' என்ற கட்டத்தில் தேதி போடவில்லை. பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் தொங்குகிறது.