"அழகா இருக்கே"ன்னு சொன்னா என்ன பதில் சொல்றது?

யாராவது உங்களைப் பார்த்து "இன்னிக்கு அழகா இருக்கே" என்று சொன்னால் உங்கள் கை முதலில் எங்கே போகும்? என் கை முந்தானைக்குப் போகும். அதை இழுத்து விட்டுக்கொண்டே, "ஐயோ, போடி, இது பழைய சேலை" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். இதை அடக்கம் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பி.காம். இரண்டாம் வருடம் படித்தபோது காலேஜில் பொங்கல் விழா. எல்லோரும் சேலை கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று முடிவானது. அம்மாவின் அரக்கு நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குத் தலைதீபாவளிக்கு தாத்தா எடுத்துக் கொடுத்த சேலை அது. பொங்கல் பானை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, முதல் வருடத்துப் பெண் ஒருத்தி வந்தாள். என்னோடு ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவள். அதிகம் பேச மாட்டாள். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "அக்கா, இந்தக் கலர்ல நீங்க ரொம்ப அழகா இருக்கீங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயோ, நீ வேற! நான் இருக்கிற கருப்புக்கு இந்தக் கலர் எல்லாம் எடுபடுமா? அம்மா கட்டாயப்படுத்தினாங்கன்னு கட்டிட்டு வந்தேன்."

பக்கத்தில் இருந்த தோழிகள் உடனே "ஏய், அப்படியெல்லாம் இல்லடி, நல்லாத்தான் இருக்கு" என்று ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது (பொய் சொல்லக் கூடாது!). அந்தப் பெண் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து டிபார்ட்மென்ட் விழா வந்தது. அதற்கும் அவள் சாதாரண சுடிதாரில்தான் வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, "ஏன்மா, நீ தாவணி, சேலையெல்லாம் கட்ட மாட்டியா?" என்று கேட்டேன். "அரக்கு கலர்ல ஒரு பாவாடை தாவணி இருந்துச்சுக்கா. தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "நீங்கதானக்கா அன்னிக்குச் சொன்னீங்க, கருப்பா இருந்தா அந்தக் கலர் எடுபடாதுன்னு. நான் உங்கள விடக் கருப்பு" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. ஒரு தகவல் மாதிரி சொன்னாள். அதுதான் ரொம்ப வலித்தது. எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வந்தவளை நான் அடித்து அனுப்பியிருக்கிறேன். அதுவும் அடக்கம் என்ற பெயரில்.

அதன் பிறகுதான் இதைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தேன். பிசினஸ் கம்யூனிகேஷன் பாடத்துக்காக எதையோ தேடும்போது, அனிதா பொமெரன்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1978-இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிப் படித்தேன். மக்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதை அப்படியே பதிவு செய்து ஆராய்வது அவருடைய துறை. அவர் சொல்வது இதுதான்: ஒருவர் நம்மைப் பாராட்டும்போது நாம் இரண்டு விதிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறோம். எதிராளி சொல்வதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்பது இன்னொன்று. "ஆமாம், நான் அழகு" என்றால் இரண்டாவது விதி போச்சு. "இல்லை, நான் அழகில்லை" என்றால் முதல் விதி போச்சு. அதனால்தான் எல்லோருமே நெளிகிறோம். அந்தக் கூச்சம் என் தனிப்பட்ட குறை இல்லை என்று தெரிந்ததும் பெரிய நிம்மதி!

ஆனால் இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்க நாம் பிடிக்கும் வழிகளில்தான் கோளாறு. நானும் என் தோழிகளும் பேசுவதைக் கொஞ்ச நாள் கவனித்தேன். பெரும்பாலும் மூன்று வழிதான். முதலாவது மறுப்பது: "ஐயோ, எங்கே! முகமெல்லாம் பரு." இரண்டாவது சந்தேகப்படுவது: "நிஜமாவா? சும்மாதானே சொல்றே?" மூன்றாவது உடனே திருப்பிக் கொடுப்பது: "நீயும்தான்டி சூப்பரா இருக்கே."

முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அடக்கம் மாதிரி இருக்கிறது, இன்னொன்று இன்னும் கொஞ்சம் புகழ்ச்சி கேட்பது மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் அடுத்து எதிராளி என்ன சொல்லியாக வேண்டும்? "இல்லடி, நிஜமாத்தான், நல்லா இருக்கே." இரண்டிலும் அவர் இன்னொரு முறை பாராட்டியே தீர வேண்டும். அன்று பொங்கல் பானை பக்கத்தில் என் தோழிகள் செய்தது அதைத்தான். நான் கேட்காமல் கேட்டேன், அவர்கள் கொடுத்தார்கள்.

அதனால் எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். என் பதிலுக்கு அப்புறம் எதிராளிக்கு என்னைப் பாராட்டும் கட்டாயம் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பதில் தப்பு. அவர் தாராளமாக வேறு பேச்சுக்குப் போக முடிகிறதா? அப்படியானால் சரி.

மூன்றாவது வழி, உடனே திருப்பிக் கொடுப்பது, மரியாதையாகத்தான் தெரியும். ஆனால் கடனை அடைக்கிற அவசரம் அதில் இருக்கும். மொய் வைத்த கையோடு திருப்பி மொய் வைப்பது போல. எதிராளி உங்களைப் பார்த்துச் சொன்னார், நீங்கள் அவரைப் பார்க்காமலே சொல்கிறீர்கள். அவரிடம் நிஜமாகவே ஏதாவது நன்றாக இருந்தால் ஒரு மணி நேரம் கழித்தோ, மறுநாளோ சொல்லலாம். அப்போதுதான் அதற்கு மதிப்பு.

சரி, எப்படித்தான் வாங்கிக்கொள்வது? காமர்ஸ் படிக்கிறவளுக்கு ரசீதுதான் ஞாபகம் வருகிறது. ஒருவர் பணம் கட்டினால் ரசீது போட்டுக் கொடுக்கிறோம். "இவ்வளவு எதுக்குக் கட்டுறீங்க?" என்று சண்டை போடுவதில்லை, "இன்னும் கொஞ்சம் கட்டுங்களேன்" என்றும் கேட்பதில்லை. வந்தது என்று எழுதிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ரசீது கொடுத்தால் "எனக்கு இவ்வளவு தகுதி உண்டு" என்று அர்த்தம் இல்லை. "நீங்கள் கொடுத்தது என் கைக்கு வந்தது" என்றுதான் அர்த்தம்.

நடைமுறையில் அது இரண்டு சின்ன வாக்கியம். ஒன்று "தேங்க்ஸ்டி". இன்னொன்று, அந்தப் பொருளைப் பற்றி உண்மையான ஒரு விஷயம்: "அம்மாவோட தலைதீபாவளிச் சேலை." அந்த இரண்டாவது வாக்கியம்தான் உதவி செய்கிறது. பேச்சு என் முகத்திலிருந்து சேலைக்குப் போய்விடுகிறது. "அப்படியா! எத்தனை வருஷமாச்சு?" என்று அவர் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். நானும் தற்பெருமை பேசவில்லை, அவரையும் மறுக்கவில்லை. பொமெரன்ட்ஸ் சொன்ன இரண்டு விதியும் பிழைத்துவிடும்.

அதற்கு அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம். சேலையை ஆரம்பித்துவிட்டு, "ஆனா பிளவுஸ் சரியா தைக்கலை, தையல்காரர் கெடுத்துட்டார்" என்று நீட்டினால் பழைய கதைதான். கையையும் கவனிக்க வேண்டும். வாய் "தேங்க்ஸ்" சொல்லும்போது கை முந்தானையை இழுத்தால், உடம்பு இன்னும் மறுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சொன்னவரை ஒரு நொடி பார்த்துச் சிரித்தால் போதும்.

வீட்டில் இது வேறு மாதிரி. அத்தை "லட்சணமா இருக்கேடி" என்றால் "தேங்க்ஸ் அத்தை" என்பது ஏதோ கடைக்காரரிடம் பேசுவது போல இருக்கும். அங்கே "அம்மாதான் கட்டி விட்டாங்க அத்தை" என்று சிரித்தாலே போதும். பாட்டி விஷயம் இன்னும் சுலபம். பாட்டி வாயால் அழகு என்று சொல்லவே மாட்டாள், கண் பட்டுவிடும் என்று. இரண்டு கையாலும் என் முகத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறிப்பாள். படபடவென்று சத்தம் வரும். அதற்குப் பதிலே தேவையில்லை. அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாப் பாராட்டையும் இப்படி வாங்கிக்கொள்ள வேண்டுமா? இல்லை. "கருப்பா இருந்தாலும் களையா இருக்கே" என்று ஒன்று உண்டே, என்னைப் போன்றவர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. அதில் பாதி பாராட்டு, பாதி குட்டு. இப்போதெல்லாம் "களையா இருக்கேன்ல, அது போதும் பெரியம்மா" என்று பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "இருந்தாலும்" அவர்களிடமே இருக்கட்டும். பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவன் அழகைப் பற்றிச் சொன்னால் அதற்கு ரசீது கிடையாது. அவன் கட்டியது பணமே இல்லை. பதில் சொல்லாமல் நகர்ந்துவிடலாம்.

இந்த வருடப் பொங்கல் விழாவுக்கும் அதே அரக்குச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன், வேண்டுமென்றே. யாரோ சொன்னார்கள், "தேங்க்ஸ், அம்மாவோட சேலை" என்றேன். நிறுத்திவிட்டேன். கை மட்டும் பாதி தூரம் போய்த் திரும்பியது.

அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். தங்கச்சியிடமிருந்து தாவணியைத் திருப்பி வாங்கவில்லை. மயில் கழுத்து நிறத்தில் சேலை, தலையில் கனகாம்பரம். போய், "இந்தச் சேலை உனக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அவள் வாயைத் திறந்தாள். "ஐயோ, நான்..." என்று வரப் போகிறது என்று பயந்துகொண்டே நின்றேன்.

"போங்கக்கா" என்றாள். சிரித்தாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் புரிந்தது, நம் ஊரில் "போங்க" என்பதே நல்ல ரசீதுதான். அதற்குப் பின்னால் காரணங்களை அடுக்காமல் இருக்கிற வரைக்கும்.