தம்பிக்கு, தவணைக் கணக்கு பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ சொன்ன கணக்கு ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. 35 லட்சம், எட்டரை வட்டி, இருபது வருஷம், மாதத் தவணை 31,250. சரிதானா என்று கேட்டாய். சரியில்லை.

கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் கால்குலேட்டரை அதிகம் தொட்டதில்லை. ஒரே ஒரு எண்தான் மனப்பாடம்: 9 சதவீதம், 20 வருஷம், லட்சத்துக்கு 900 ரூபாய். வட்டி அரை சதவீதம் ஏறினால் 32 கூட்டு, இறங்கினால் 32 கழி. எட்டிலிருந்து பத்து சதவீதம் வரை ஓரிரு ரூபாய்க்கு மேல் பிசகாது. ஆனால் இந்த 32 இருபது வருஷக் கடனுக்கு மட்டும்தான். ஐந்து வருஷக் கார் கடன் என்றால் 9 சதவீதத்துக்கு லட்சத்துக்கு 2,076 வரும். அங்கே அரை சதவீதத்துக்கு 24 ரூபாய்தான் மாறும்.

உனக்கு எட்டரை. ஆகவே 868. முப்பத்தைந்தால் பெருக்கினால் 30,380. கடன் தருபவர்கள் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் 870. இந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? ஒரு லட்சத்துக்கான தவணை அது! உன் பேரில் 36 லட்சம் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் கடனுக்கான காப்பீட்டு பிரீமியத்தை அசலோடு சேர்த்திருப்பார்கள். காப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு லட்சத்துக்கு இருபது வருஷத்தில் 2,08,320 கட்டப்போகிறாய். அனுமதிக் கடிதத்தில் அசல் தொகை எவ்வளவு என்று முதலில் பார்.

அடுத்து, முப்பது வருஷமாக நீட்டினால் பாதியாகக் குறையாதா என்று உன் வீட்டுக்காரி கேட்டாளே, அவளுக்கும் இதைச் சொல். குறையாது. எட்டரை வட்டியில் ஒரு லட்சத்துக்கு முதல் மாத வட்டியே 708 ரூபாய். எத்தனை வருஷம் நீட்டினாலும் தவணை அதற்குக் கீழே போக முடியாது. இருபது வருஷத்தில் 868 என்பது ஏற்கெனவே அந்தத் தரைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. முப்பதுக்கு 769. மாதம் உனக்கு 3,465 மிச்சமாகும், மொத்தத்தில் ஏறத்தாழ 24 லட்சம் கூடுதலாகப் போகும். மாமா இருந்திருந்தால் இதைக் கேட்டு வெற்றிலையைத் துப்பியிருப்பார்.

மாறும் வட்டிக் கடன் என்றால் இன்னொன்றையும் கேட்டுக்கொள். வட்டி ஏறும்போது பல இடங்களில் தவணையை அப்படியே விட்டுவிட்டு மாதங்களைக் கூட்டிவிடுவார்கள், கையில் வித்தியாசமே தெரியாது. ஒவ்வொரு வருஷமும் மீதி எத்தனை தவணை என்று எழுதி வாங்கு.

கடிதம் வந்ததும் அசல் தொகையை மட்டும் எனக்குச் சொல். 36 என்று இருந்தால் கையெழுத்துப் போடாதே, நான் புதன்கிழமை வருகிறேன்.

அன்புடன்,
அக்கா