‘எல்லோரும்’ என்று எழுதிய கை

சான்று போதாத இடத்தில் குரலை உயர்த்துவது என் பழக்கம். என் ஆய்வேட்டில் ‘எல்லோரும்’, ‘எப்போதும்’, ‘ஒருவர்கூட இல்லை’, ‘வெளிப்படை’ என்று வரும் இடங்களிலெல்லாம் நான் தேடாமல் விட்ட ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. ‘இடங்களிலெல்லாம்’ என்பதும் கூடுதல்தான். பெரும்பாலான இடங்களில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கலவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். மலையகத் தமிழர் என்றால் எல்லோரும் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு நுவரெலியாவில் கொழுந்து பறிப்பவர்கள் என்று நினைப்பவர்களிடம் பல தடவை சண்டை பிடித்திருக்கிறேன். எங்கள் பக்கம் சிங்கராஜ வனத்துக்கு அடுத்த தாழ்நாடு. வெக்கையும் விடாத மழையுமான ஊர். தேயிலையோடு ரப்பரும் உண்டு; தோட்டத்தைச் சுற்றிச் சிங்களக் கிராமங்களும் அவர்களுடைய சிறு தேயிலைக் காணிகளும். பிறர் சொன்ன ‘எல்லோரும்’ எங்களை விழுங்கியது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதே சொல்லை நானும் எழுதினேன்.

நான் எழுதியது இது: “1948இல் தோட்டத் தமிழர் எல்லோரும் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர் என்பது வெளிப்படை.” மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். ஆய்வேட்டில் மதிப்பீட்டாளர் பென்சிலால் கோடு போட்டு, “எல்லோருமா?” என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் துயரத்தையே சந்தேகிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சந்தேகித்தது என் வேலையை.

அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே விடை இருந்தது. என் தாத்தா பதிவுப் பிரஜை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்பதைப் போன்ற வம்சாவளிச் சான்றுகளைக் கேட்டது. பிறப்புப் பத்திரமே இல்லாத லயத்துச் சனத்தில் மிகப் பலர் அதில் அடைபட்டுப்போனார்கள். அடுத்த ஆண்டு, இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கான சட்டம் வந்தது. மணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 10 ஆண்டு தொடர்ந்து வசித்ததை நிறுவி, இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் அதைப் புறக்கணிக்கச் சொல்லி, பின்னர் மனம் மாறி, விண்ணப்பிக்கச் சொன்னது. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1960களின் தொடக்கம் வரை நடந்த விசாரணைகளின் முடிவில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அந்த எண்ணிக்கையில் ஒருவர் என் தாத்தா. வாக்குரிமையைப் பறித்ததோ 1948ஆம் ஆண்டுச் சட்டமே அல்ல. தேர்தல் இடாப்பைப் பிரஜைகளுக்கு மட்டும் என்றாக்கிய 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்.

இப்போது என் பழைய வாக்கியத்தையும் திருத்திய வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். “எல்லோரும் இழந்தனர்” என்பதைக் கவிழ்க்க ஒரே ஒரு பதிவுப் பிரஜை போதும். எங்கள் துயரத்தை மறுக்க நினைப்பவர் பத்துப் பக்க வாதம் எழுத வேண்டியதில்லை; என் தாத்தாவைக் காட்டினாலே முடிந்தது. அதன் பிறகு பேச்சு முழுக்க விதிவிலக்கைப் பற்றியே போகும், அநியாயத்தைப் பற்றிப் போகாது. “விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கே கிடைத்தது” என்ற வாக்கியத்தை அப்படிக் கவிழ்க்க முடியாது. அதோடு, ‘எல்லோரும்’ மறைத்துவிட்ட ஒன்றை இது காட்டுகிறது: எங்கள் சனம் சும்மா இருந்து இழக்கவில்லை. கேட்டது, படிவம் நிரப்பியது, விசாரணைக்குப் போய் நின்றது, ஆறில் ஐந்து பங்கு திருப்பி அனுப்பப்பட்டது. பெரிய சொல்லை எடுத்தால் கொடுமை சிறுத்துவிடும் என்று பயந்தேன். எடுத்த பிறகுதான் அதன் முழு உருவம் தெரிந்தது.

ஈரக் கொழுந்தை நிறுத்துப் போடும்போது தண்ணீருக்கென்று கழிப்பார்கள். எவ்வளவு ஈரம் என்று யாரும் பிழிந்து பார்ப்பதில்லை, ஒரு மதிப்பில் நல்ல கொழுந்திலிருந்தும் சேர்த்தே கழித்துவிடுவார்கள். மிகைச் சொல்லைக் கண்ட வாசகரும் அப்படித்தான். அந்த ஒரு வரியை மட்டும் தள்ளுபடி செய்வதில்லை, அடுத்த பக்கத்தில் நான் சிரமப்பட்டுச் சேர்த்த சரியான தகவலிலும் கொஞ்சம் குறைத்தே எடுப்பார்.

‘வெளிப்படை’ என்ற சொல்லில் நான் செய்தது இன்னும் மோசம். “சப்ரகமுவத் தமிழர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனது 1977, 1981 வன்செயல்களுக்குப் பயந்துதான் என்பது வெளிப்படை” என்று எழுதினேன். போனவர்களில் ஒருவரிடமும் அப்போது நான் கேட்டிருக்கவில்லை. கேட்கவில்லை என்பதை மறைக்கத்தான் அந்தச் சொல் தேவைப்பட்டது. ஏன் என்று கேட்பவருக்கு, உனக்கு இதுகூடத் தெரியாதா என்று வாயடைக்கிற சொல் அது. பிறகு வவுனியாவில் பெரியம்மாவிடம் கேட்டபோது அவர், “பயந்து போனது பொறகுடா. நாங்க எழுபத்து நாலுல பசிக்குப் போனோம்” என்றார். 1970களின் நடுவில் தோட்டங்களில் உணவுப் பஞ்சம் இருந்தது. காணிச் சீர்திருத்தத்தோடு பலருக்கு வேலையும் போனது. வன்செயல் காரணமில்லை என்று அவர் சொல்லவில்லை. அதற்கு முன்பே ஒரு பாதை இருந்தது என்றார். என் ‘பயந்துதான்’ அந்தப் பாதையை அழித்துவிட்டது.

மிகையைக் களைய உட்கார்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கணினியில் ‘எல்லோரும்’ என்று தேடினால் மட்டும் போதாது. தமிழில் மிகை பல நேரம் தனிச் சொல்லாக நிற்காது, விகுதிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். நம் இலக்கணக்காரர்கள் முற்றும்மை என்றும் தேற்ற ஏகாரம் என்றும் பிரித்துச் சொன்னவை அவற்றில் சில. ‘தோட்டங்கள் அனைத்திலும்’ என்பதன் உம், ‘அதுவே காரணம்’ என்பதன் ஏ, ‘பயந்துதான்’ என்பதன் தான். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டு வாசித்து, அழுத்தம் விழும் இடத்தில் நிறுத்தி, யார், எங்கே, எந்த ஆண்டில், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறேன். விடை இருந்தால் அழுத்தத்தை எடுத்துவிட்டு விடையை எழுதுகிறேன். நான் பார்த்த பதிவேட்டில் உண்மையிலேயே எல்லோரும் இருந்தால், பதிவேட்டின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து ‘எல்லோரும்’ என்றே எழுதுகிறேன். எல்லை கட்டிய ‘எல்லோரும்’ பொய் இல்லை.

திருந்தும் அவசரத்தில் எதிர்ப்பக்கத்திலும் விழுந்தேன். அடுத்து எழுதிய கட்டுரையில் ‘ஒருவேளை’, ‘ஓரளவு’, ‘எனலாம் போலும்’ என்று நிரப்பி, சட்டம் போட்டு வாக்குரிமை பறித்ததைக்கூட ‘பறிக்கப்பட்டதாகக் கருதலாம்’ என்று எழுதிவைத்தேன். வர்த்தமானியில் அச்சான சட்டத்துக்கு ‘கருதலாம்’ எதற்கு? தெரிந்ததைத் தெரியாததுபோல் சொல்வதும் அளவு தப்பியதுதான்.

இன்னும் ஒரு வரி பாக்கி. “சப்ரகமுவத் தோட்டத் தமிழரைப் பற்றி யாருமே எழுதவில்லை” என்று என் முன்னுரை தொடங்குகிறது. அந்த ‘யாருமே’ என்னை முதல்வனாக்குகிறது, அதனால்தான் அதை விட மனம் வரவில்லை. நான் தேடியது ஒரு நூலகத்தின் தமிழ் அடுக்கில் மட்டும். சிங்களத்தில் தேடவில்லை, ஆங்கிலத்தில் அரைகுறையாகத் தேடினேன். திருத்திய பிரதியில் அந்த வரி இப்படி இருக்கும்: “நான் தேடிய நூலகத்தின் தமிழ் நூல்களில், சப்ரகமுவத் தோட்டங்களைத் தனியே ஆராய்ந்த நூல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.” இதில் நான் முதல்வன் இல்லை. ஆனால் இதை யாரும் பென்சிலால் கோடிட முடியாது. அந்த ‘யாரும்’ கூட, யோசித்துத்தான் வைத்திருக்கிறேன்.