பிள்ளையின் செலவில் யார் பங்கு எவ்வளவு?

எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தியின் தாய், அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். கணவரைப் பிரிந்து ஓராண்டாகிறது. இருவரும் ஓசூர்த் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். "ஹழ்ரத், பிள்ளையின் அத்தாவுக்கு இதை அனுப்பலாமா?" என்று கைபேசியைக் காட்டினார். செலவைப் பாதிப் பாதியாக ஏற்போம் என்று அதில் எழுதியிருந்தார். சண்டை வேண்டாம் என்பதே அவர் எண்ணம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 36,000 ரூபாய், மாதத்திற்கு 3,000. வேன் 1,200. தாய் வேலை முடிந்து வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு 2,400. மொத்தம் 6,600. கையில் வரும் சம்பளம் தந்தைக்கு 28,000, தாய்க்கு 14,000. பாதியான 3,300 தாயின் வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு. தந்தைக்கோ எட்டில் ஒரு பங்குகூட இல்லை. வருமான விகிதப்படி இரண்டுக்கு ஒன்றாகப் பிரித்தால் தந்தைக்கு 4,400, தாய்க்கு 2,200. அப்போது இருவர்மீதும் சுமை சமமாகிறது.

மார்க்கத்தில் பிள்ளையின் நஃபகா தந்தையின் கடமை. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பச் செலவிட வேண்டும் என்பது சூரா தலாக்கின் 7ஆம் வசனம் தரும் கட்டளை. பிள்ளையின் பொருட்டுத் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது என்கிறது சூரா பகராவின் 233ஆம் வசனம். ஆகவே தாய் தருவது அவர் மனமுவந்து செய்யும் உபகாரம். உணவும் உடையும் தந்தையின் பொறுப்பிலேயே நிற்கும். இந்த விகிதத்தில் அவற்றைச் சேர்க்கவில்லை. நாட்டின் சட்டமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்க வேண்டும், தாய் போதுமான அளவு சம்பாதித்தால் விகிதப்படி பகிரலாம் என்று 2020இல் ரஜ்னேஷ்–நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

செய்தியைத் திருத்தி எழுதினோம்: "அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளையின் பள்ளி, வேன், பராமரிப்புச் செலவு மாதம் 6,600. உங்கள் பங்கு 4,400, என் பங்கு 2,200. என் பங்கை விருப்பத்துடன் தருகிறேன்; எனக்கு வேலை போனால் அதுவும் உங்கள் பொறுப்பு. ஜூன் மாதந்தோறும் இருவரின் சம்பளச் சீட்டையும் பார்த்துப் புதிதாகக் கணக்கிடுவோம். பணம் தாமதமானாலும் நீங்கள் பிள்ளையைப் பார்ப்பதைத் தடுக்கமாட்டேன்."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஓவர்டைம் எல்லா மாதமும் கிடைப்பதில்லையே என்று அவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆறு மாதச் சம்பளத்தின் சராசரியை எடுக்கலாம் என்றோம். ஆனால் பைக்குக்காக அவர் வாங்கிய கடன் தவணையைக் கழிக்க இடமில்லை என்றேன். சொந்த விருப்பத்தில் வாங்கிய கடன் பிள்ளையின் உரிமைக்கு முன்னால் நிற்காது. அவர் ஏற்றுக்கொண்டார். பள்ளிக் கட்டணத்தில் தம் பங்கை நேரே பள்ளிக்கே செலுத்துவதாகவும் எழுதினார்.

இப்போது அச்சிறுமி ஓத வரும்போது, கட்டணத்தைப் பற்றிய பேச்சு அவள் வாயில் வருவதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.