டிராக்டர் வாங்கப் போன சனிக்கிழமை

போன மாசம் ராஜபாளையத்துல ஒரு பழைய டிராக்டரைப் பேசி முடிச்சேன். 3,60,000 ரூபாய். தேங்காய் வித்த காசும் நகைக்கடனும் கணக்குல கிடக்கு. போன்லயே அனுப்பிட்டு வண்டிய ஓட்டிட்டு மகாராஜபுரம் வந்துரலாம்னு நெனப்பு. ரெண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவுங்கிறதே ஞாபகமில்ல.

ஜிபேயில தட்டினா போகல. யுபிஐல ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்ப ஒரு நாளைக்கு 1 லட்சம்தான். சரின்னு பேங்க் ஆப்ல அவர் கணக்கைச் சேர்த்தேன். புதுசா சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரம் 50,000-க்கு மேல போகாதுன்னு வந்துச்சு.

"பணம் இருக்கா இல்லையா அண்ணாச்சி?"ன்னார் விற்கிறவர். கூசிப்போச்சு. 50,000-ஐ அட்வான்ஸா அனுப்பிட்டு பஸ்ல திரும்பினேன்.

ஞாயிறு சாயங்காலம் கெடு முடிஞ்சும் மிச்சம் போகல. எங்க பேங்க் ஆப்ல ஒரு நாள் உச்சவரம்பே 2 லட்சமாம்! இது பேங்குக்கு பேங்க் மாறும்.

திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட சத்தம் போட்டேன். அவர் நிதானமா சொன்னார்: "உங்க போனும் ஓடிபியும் திருடன் கையில சிக்கினா, முதல்ல அவன் கணக்கைத்தான் சேர்ப்பான். சேர்த்ததும் உங்களுக்கு எஸ்எம்எஸ் வரும். அதைப் பார்த்து நீங்க எங்களைக் கூப்பிடத்தான் அந்த ஒரு நாள்."

செக்கும் ஆர்டிஜிஎஸ் ஃபாரமும் எழுதிக் கொடுத்தேன். 2 லட்சத்துக்குக் குறையாத தொகைக்கான வழி அது. அரைமணி நேரத்துல 3,10,000 போய்ச் சேர்ந்துச்சு.

இப்பல்லாம் விலை பேசப் போறதுக்கு முந்தின நாளே கணக்கு நம்பரைக் கேட்டுச் சேர்த்து வச்சிருறேன்.