அந்த ‘மேல்’ நான் எழுதியது

குலசேகரத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பண்டிகை வந்தால் கடையின் நோட்டீஸை எழுதுவதும் என் வேலைதான். 2025 ஓணத்துக்கு நான் எழுதிய நோட்டீஸில் ஒரு தவறு செய்தேன். தெரியாமல் செய்ததல்ல, தெரிந்தே செய்தது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நோட்டீஸில் இருந்த வரிகள் இவை:

கூடுதல் வாங்குங்கள், கூடுதல் சேமியுங்கள்!
ரூ.1,000-க்கு மேல் 5%
ரூ.2,000-க்கு மேல் 10%
ரூ.3,000-க்கு மேல் 15% தள்ளுபடி*

முதலாளி சொன்ன கணக்கு வேறு. முதல் ஆயிரத்துக்குக் கழிவு கிடையாது. ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்ட தொகைக்கு மட்டும் 5 சதவீதம், இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்டதற்கு 10 சதவீதம், மூவாயிரத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். பில் போடும் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் பதிந்திருந்தோம்.

‘ரூ.3,000-க்கு மேல் 15%’ என்ற வரியை இரண்டு விதமாக வாசிக்கலாம். மூவாயிரத்தைத் தாண்டிய பணத்துக்கு மட்டும் 15 சதவீதம் என்பது ஒன்று. பில் மூவாயிரத்தைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 15 சதவீதம் என்பது இன்னொன்று. இரண்டு வாசிப்பும் நம் மக்களுக்குப் பழக்கமானவை. வீட்டுக் கரண்ட் பில்லையே பாருங்கள். 500 யூனிட்டுக்குள் நிற்கும்வரை ஒவ்வொரு படிக்கும் அந்தப் படியின் விலைதான். இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கும் கூடுதல் விலை போட்டுவிடுவார்கள். அப்படியிருக்க, ‘மேல்’ என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால் வாசிப்பவர் எந்த அர்த்தத்தை எடுப்பார்? தனக்கு லாபமான அர்த்தத்தைத்தான் எடுப்பார். அதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை.

அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது அங்கே வேலை செய்யும் பையன், “அண்ணே, இது மொத்த பில்லுக்கா, மேல உள்ளதுக்கு மட்டுமா?” என்று கேட்டான். கேள்வி சரியான இடத்தில்தான் வந்தது. “அப்படியே இருக்கட்டும்” என்றேன். 15 சதவீதம் என்ற பெரிய எழுத்தைப் பார்த்தால் ஆட்கள் உள்ளே வருவார்கள் என்று எனக்குத் தெரியும். விளக்கி எழுதினால் அந்த எழுத்தின் பலம் குறைந்துவிடும் என்பதும் தெரியும். நட்சத்திரக் குறி போட்டு, அடியில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், ‘படி வாரியாகக் கணக்கிடப்படும்’ என்று சேர்த்துவிட்டு வந்தேன்.

உத்திராடத்தன்று, அதாவது செப்டம்பர் 4-ஆம் தேதி, பால்வெட்டுக்குப் போகிற ஒரு அக்கா வந்தார். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் வெட்டு நடக்காது, கூலியும் கிடையாது. அதனால் அவர் ஒவ்வொரு பொருளாக விலை கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தார். சம்பா அரிசி, பாலடை, பப்படம், பருப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்து 2,860 ரூபாய் வந்தது. சற்று நின்று நோட்டீஸைப் பார்த்தார். திரும்பிப் போய் 240 ரூபாய்க்கு அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தார். பில் 3,100 ஆனது.

அவர் மனதில் ஓடிய கணக்கு எனக்குப் பின்னால்தான் விளங்கியது. 2,860-க்கு 10 சதவீதம் போனால் 2,574 கொடுக்க வேண்டும். 3,100-க்கு 15 சதவீதம் போனால் 2,635. இடையில் 61 ரூபாய்தான் வித்தியாசம். எண்ணெய் 61 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று நினைத்திருக்கிறார். எங்கள் நோட்டீஸை அப்படி வாசித்தால் அது சரியான கணக்குதான்.

கம்ப்யூட்டர் கழித்தது 165 ரூபாய். இரண்டாவது ஆயிரத்துக்கு 50, மூன்றாவது ஆயிரத்துக்கு 100, மிச்சமுள்ள நூறுக்கு 15. அவர் கொடுக்க வேண்டியது 2,935. எதிர்பார்த்ததைவிட 300 ரூபாய் கூடுதல்.

“அண்ணே, பதினஞ்சுன்னு எழுதியிருக்கியளே, இதுல ஆறு வீதம்கூட முழுசா கழியலியே?”

நான் நோட்டீஸின் அடிப்பகுதியைக் காட்டினேன். அவர் அந்தப் பொடி எழுத்தைக் குனிந்து பார்த்தார். வாசிக்கவில்லை. எண்ணெயைக் கவுண்டரில் வைத்துவிட்டு, “இதை எடுத்திருங்க” என்றார். எண்ணெய் இல்லாமல் கழிவு 136 ஆனது. 2,724 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். பின்னால் நின்ற இருவர் தங்கள் கூடையிலிருந்தும் பொருட்களை எடுத்து வெளியே வைத்தார்கள்.

விளம்பரங்களுக்கு 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டு விதிகளில் இதற்கு நேராகவே சொல்லியிருக்கிறது. நிபந்தனையை விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்தில் போட வேண்டும். நான் மொழியையும் மாற்றினேன், எழுத்தையும் சுருக்கினேன். விதியைப் பின்னால்தான் வாசித்தேன். ஆனால் அச்சகப் பையனின் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த விதியும் எனக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எழுத உட்கார்ந்தபோது முதலாளியின் பழைய கணக்கையே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதன்படி 2,000 ரூபாய்க்குக் கழிவு 50, 3,000-க்கு 150, 4,000-க்கு 300. எல்லாம் முழு எண்ணாக, என் கண் முன்னாலேயே கிடந்திருக்கின்றன. சதவீதம் எதற்கு? இப்படி எழுதினேன்:

மொத்த பில் ரூ.2,000 முதல்: ரூ.50 குறையும்
மொத்த பில் ரூ.3,000 முதல்: ரூ.150 குறையும்
மொத்த பில் ரூ.4,000 முதல்: ரூ.300 குறையும்
எல்லாப் பொருளும் சேரும். ஒரு பில்லுக்கு ஒரு கழிவு மட்டும்.

‘மேல்’ போய் ‘முதல்’ வந்ததால், சரியாக 2,000 வந்தால் கிடைக்குமா என்ற சந்தேகம் போயிற்று. ‘2,000 முதல் 2,999 வரை’ என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். நிறுத்துப் போடும் பொருளில் பைசா வரும், 2,999.50 வந்தால் எந்தப் படி என்று கேட்பார்கள். தொடக்கத்தை மட்டும் சொன்னால் போதும். ‘மொத்த பில்’ என்று ஒவ்வொரு வரியிலும் போட்டேன். ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவருக்கும் அது முழுதாக விளங்க வேண்டும்.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. படியைத் தொடாமல் நடுவில் நிற்பவருக்குப் பழைய கணக்கைவிடக் குறைவாகவே கிடைக்கும். அதே 2,860-க்கு முன்பு 136, இப்போது 50. அதனால் கவுண்டரில் ஒரு பேச்சைக் கட்டாயமாக்கினோம். “இன்னும் 140 ரூபாய்க்கு எடுத்தா 150 குறையும், வேண்டாம்னா விட்டிருங்க.” 2,810 கொடுப்பதா, 3,000-க்கு எடுத்து 2,850 கொடுப்பதா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் நோட்டீஸை வெளியே கொண்டுபோய், ஆட்டோ ஸ்டாண்டில் மூன்று பேரிடம் காட்டி, “3,100-க்கு வாங்கினா கையிலிருந்து எவ்வளவு கொடுக்கணும்?” என்று கேட்டேன். மூவரும் 2,950 என்றார்கள். ஒருவர் வேறு எண் சொல்லியிருந்தாலும் திருப்பி எழுதியிருப்பேன்.

அந்த அக்கா கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. உத்திராடத்தன்று அவர் நம்பிய 300 ரூபாயை என்னால் கணக்கில் சரிக்கட்ட முடியாது. அன்று அச்சகத்தில் “மேல உள்ளதுக்கு மட்டும், அதையே பெருசா போடு” என்று நான் சொல்லியிருந்தால், அவர் எண்ணெயை எடுத்திருக்கவும் மாட்டார், திருப்பி வைத்திருக்கவும் மாட்டார்.