பூவுக்குப் பூ

பிரிக்பீல்ட்ஸில் பகல் மூன்று மணிக்குப் பூக்கடைகள் தூங்கி வழியும். காலைப் பூசைக்கு வாங்கியவர்கள் போய்விட்டார்கள். மாலைக் கோயில் கூட்டம் வரவில்லை. மோனோ ரயில் தலைக்கு மேல் போகிறது. பார்வையற்ற இருவர் வெள்ளைக்கோலால் நடைபாதையைத் தட்டிக்கொண்டு கே.எல். சென்ட்ரல் பக்கம் போகிறார்கள். பூக்கடைக்கு எதிரேயுள்ள தண்ணிக்கடையில் ஒரு தே ஓ சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை.

அவர் இரண்டு கைகளிலும் காலி வாளிகளோடு வந்தார். மூன்று வாளி, ஒரு மூங்கில் கூடை, தெர்மோகோல் பெட்டி ஒன்று. எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருந்தார். இந்த மனிதரைப் போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கும் இதே இடத்தில் பார்த்தேன். அன்றைக்கு முகம் வேறு.

அன்றைக்குக் கதை இதுதான். தை மாதம், ஞாயிறு காலை முகூர்த்தம், கிள்ளானில் கல்யாணம். பூவுக்கு வேறு யாரிடமோ சொல்லி முன்பணமும் கொடுத்திருந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்குத்தான் ‘மல்லி வரல’ என்று தகவல் வந்திருக்கிறது. தையில் இது நடக்கக் கூடியதுதான். மலேசியாவில் தலையில் வைக்கும் மல்லியில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருவது. மதுரை, நிலக்கோட்டைப் பக்கம் பனி விழுந்தால் செடியில் மொட்டு குறையும். அந்த மாதத்தில்தான் இங்கே கல்யாணங்களும் குவிகின்றன; தைப்பூசமும் வருகிறது. அதிகாலையில் பறித்த மொட்டு, ஐஸ் வைத்த பெட்டியில் ஏறி, விமான நிலையத்தில் தாவரச் சோதனை முடிந்து கடைக்கு வருவதற்குள் விரியத் துடிக்கும். எங்காவது ஒரு விமானத்தைத் தவறவிட்டால் மறுநாளைக்கு அது மல்லி இல்லை, வாசமுள்ள குப்பை.

அன்றிரவு பூக்கார அக்கா “கவலைப்படாதீங்க, எல்லாம் செஞ்சிடலாம்” என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். முதலில் கேட்ட கேள்வி: “மாலை எத்தனை மணிக்குக் கையில வேணும் தம்பி?” ஆறு மணி என்றார் அவர். அக்கா விரல் விட்டு எண்ணினார். கல்யாண மாலை ஒரு ஜோடி முடியும். மல்லி அறுபது முழம் முடியாது, இருபது கிடைக்கலாம். மீதி நாற்பதுக்குச் சம்பங்கி. உதிரிப்பூ மூன்று கிலோ, கேமரன் மலைச் செவ்வந்தி. மொத்தம் 700 வெள்ளி. “சம்பங்கின்னா பொம்பளைங்க முகம் சுளிப்பாங்க. வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுங்க.” அவர் அங்கேயே போன் போட்டார். பேசி முடித்து 200 வெள்ளி முன்பணம் கொடுத்தார். இன்னொரு பூக்காரரைப் பற்றி அவர் திட்டத் தொடங்கியபோது, “அவருக்கும் பெட்டி வந்திருக்காது” என்று அக்கா பேச்சை வெட்டிவிட்டு எழுந்தார்.

நான் போகும்போது மணி பத்தரை. கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அக்காவும், இன்னொரு பெண்ணும், அக்காவின் தங்கை மகனும் தரையில். மாலை கட்டும் பெண்ணின் நூல் போகிற வேகத்தில் கண் நிற்காது. அந்தப் பையன்தான் விடிகாலை நாலரைக்கு வேனில் கிள்ளானுக்குப் போனதாகப் பிறகு பேச்சில் தெரிந்தது. அந்நேரம் கூட்டரசு நெடுஞ்சாலை காலியாக இருக்கும்; 2018 தொடக்கத்திலிருந்து டோலும் கிடையாது. முக்கால் மணி நேரம்.

இனி செவ்வாய்க்கிழமை.

“பசியாறிட்டீங்களாக்கா?” என்றார். பகல் மூன்று மணிக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. அவருக்கே தெரிந்து சிரித்தார். “ரொம்ப நன்றிக்கா” என்ற வார்த்தையும் வந்தது. அது வந்த வேகத்திலேயே போயும்விட்டது. அக்கா வாளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கடைக்காரர்களுக்கு வாளி திரும்பி வருவது அபூர்வம். கல்யாண மண்டபங்களில் எத்தனையோ வாளிகள் சாம்பார் சுமக்கப் போய்விடுகின்றன.

அடுத்து அவர் செய்தது, போனை எடுத்துக் கடையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையில் பிடித்தது. மீதி 500 வெள்ளி. பேச்சை நீட்டிவிட்டுக் கடைசியில் பணத்துக்கு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புகழ்ந்த பிறகு எடுக்கும் பணத்தில் எப்போதும் ஐம்பது குறையும். இவர் பணத்தை முதலில் கட்டினார். அக்காவின் போன் கூவியது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எந்த வார்த்தைக்கும் விலை பேசுகிற வாடை இல்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு அங்பாவ் உறை வந்தது. நீட்டினார். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அதெல்லாம் வேணாம் தம்பி. சொன்ன விலையை வாங்கிட்டேன்.”

“உங்களுக்கு இல்லக்கா. கட்டின அக்காவுக்கும் வேன் ஓட்டின தம்பிக்கும்.”

இங்கே ஒரு கணம் நின்றது. அதிகப் பணத்தை அக்கா வாங்கினால் சொன்ன விலை பொய்யாகிவிடும். அடுத்த முறை இவர் வந்தால் என்ன விலை சொல்வது? தூக்கம் கெட்ட கைகளுக்கு என்றால் அது வேறு கணக்கு. அக்கா உள்ளே திரும்பிப் பையனைக் கூப்பிட்டார். பையன் அக்காவின் முகத்தைப் பார்த்தான்; தலை லேசாக அசைந்தது; இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பிறகு படம் காட்டினார். மணமேடை, மாலை, பெண்ணின் முகம். அக்கா பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தை விரித்து மாலையின் கீழ்க்குஞ்சத்துக்குப் போனார்.

“பகல் ஒரு மணி வரைக்கும் ஒரு இதழ் உதிரலக்கா. சம்பங்கியைப் பார்த்து எங்க பெரியம்மா, ‘மல்லியைவிட இது நிக்குது’ன்னாங்க.”

“பெரியம்மா சும்மா சொல்றாங்க,” என்றார் அக்கா. ஆனால் முகம் மலர்ந்தது. “குறை ஒண்ணும் இல்லையா?”

அவர் தயங்கினார். இல்லை என்று சொல்வதுதான் சுலபம். “மல்லியில நாலு முழம் ஓரத்துல கறுத்திருந்துச்சு. பெட்டிக்கு அடியில இருந்தது.”

“ஐஸ் பட்டிருக்கு.” அக்கா பையன் பக்கம் திரும்பினார். “நடுவுல பேப்பர் வெச்சியா?” பையன் தலையைச் சொறிந்தான். மல்லிக்குக் குளிர்ச்சி வேண்டும், ஆனால் ஐஸ் தொடக் கூடாது. தொட்ட இடம் வெந்ததுபோல் கறுக்கும். ஐஸைப் பிளாஸ்டிக்கில் கட்டி, மேலே நாலு மடிப்புச் செய்தித்தாள் போட்டு, அதன்மேல்தான் பூ வைக்க வேண்டும். அவசரத்தில் விட்டது அதுதான். அக்கா இருபது வெள்ளித் தாளை எடுத்து நீட்ட, அவர் வாங்காமல், “அதுக்குச் சொல்லலக்கா” என்றார். தாள் திரும்ப டப்பாவுக்குள் போனது. இதற்குப் பிறகு அவர் மாலையைப் புகழ்ந்ததும் அக்காவுக்கு முகத்துதியாகக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அக்கா எடுத்து, “இல்லைங்க, நாளைக்குக் காலையில முடியாதுங்க,” என்றார். மறுபடி, “யார் சொன்னா?” போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். கோபமில்லை, ஆனால் பார்வை நேராக இருந்தது.

“நேத்துலேர்ந்து நாலாவது ஆள் தம்பி. ‘ராத்திரி பத்து மணிக்குச் சொன்னாலும் விடியறதுக்குள்ள செஞ்சு குடுப்பாங்களாமே’ங்கறாங்க. உங்க சொந்தக்காரங்கதான்.”

அவர் முகம் சிவந்தது. நல்லெண்ணத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படமும் போன் நம்பரும் போட்டு எழுதியிருக்கிறார்: கடைசி நேரத்திலும் கைவிடாத அக்கா. எழுதியவருக்கு அது பாராட்டு. படித்தவர்களுக்கு அது விளம்பரம், அதுவும் அக்கா விற்காத சரக்குக்கு. ஒரு ராத்திரி செய்தது எப்போதும் கிடைக்கும் என்று ஆகிவிட்டால் அதை உதவி என்று யார் சொல்வார்கள்? முன்கூட்டிச் சொல்கிற பழைய வாடிக்கையாளருக்கு வைத்திருக்கும் பூவில் கை வைத்துத்தான் திடீர் ஆளுக்குக் கொடுக்க முடியும்.

அவர் அங்கேயே நின்று தட்டெழுதினார். முடித்து அக்காவிடம் படித்துக் காட்டினார்: “கல்யாணப் பூ வேணும்னா பத்து நாள் முன்னாடி சொல்லுங்க. எங்களுக்கு ஒரு ராத்திரியில செஞ்சு குடுத்தாங்க, அது அவங்க தூக்கத்துல எடுத்தது.”

“பத்து நாள் எதுக்கு, ஒரு வாரம் போடுங்க,” என்றார் அக்கா. திருத்தினார்.

“அந்த இருபது முழம் மல்லி எங்கேயிருந்துக்கா வந்துச்சு? உங்ககிட்ட இல்லன்னீங்களே.”

அக்கா பக்கத்துக் கடையைக் கண்ணால் காட்டினார். அங்கிருந்து பன்னிரண்டு முழம், அதற்கடுத்த கடையிலிருந்து எட்டு. காசு கொடுத்து வாங்கியது இல்லை. இந்த வரிசையில் பூவுக்குப் பூதான். எடுத்ததைத் தன் பெட்டி வந்ததும் முழம் எண்ணித் திருப்பிவிட வேண்டும். திங்கட்கிழமை வந்த பெட்டியில் முதல் இருபது முழம் அப்படிப் போய்விட்டது. விற்றிருந்தால் 100 வெள்ளி. அக்கா அதைச் சொல்லவில்லை. அந்த வரிசையில் உட்கார்ந்து தே ஓ குடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அவர் பக்கத்துக் கடைக்குப் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கடைக்காரர் முதலில் புரியாமல் பார்த்தார், பிறகு கையை உதறி “அட விடுங்க” என்பதுபோல் செய்தார். அங்கே ஒரு பொட்டலம் துளசியும் வெற்றிலையும் வாங்கினார். தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

திரும்பி வந்து கடைசியாக ஒரு வேலை இருந்தது. தங்கைக்கு வளைகாப்பு, மார்ச் இரண்டாவது ஞாயிறு, பெட்டாலிங் ஜெயாவில் வீட்டோடு. நாற்பது முழம் மல்லி, ஒரு மாலை. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முன்பணமாக ஐம்பது வெள்ளித் தாளை வைத்தார். அக்கா கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். இந்த நாட்டு மளிகைக்கடைகளில் கடன் எழுதியே புகழ் பெற்ற அந்தச் சின்னப் புத்தகம். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பி, தேதி, நேரம், முழம், வீட்டு எண் எல்லாம் எழுதினார். ‘மல்லி கிடைக்காட்டி?’ என்று கேட்டார்.

“சம்பங்கி போட்டுருங்க. பெரியம்மாவும் வராங்க.”

அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு பையன் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினான். மூன்றாவதில் அடியில் ஏதோ இருந்தது, எடுத்துப் பார்த்தான். கல்யாணப் பலகாரப் பை, ஓர் அதிரசமும் இரண்டு முறுக்கும். அக்கா அதிரசத்தை மூன்றாகப் பிய்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த என்னை அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். முறுக்கில் ஒன்றைப் பையனிடம் கொடுத்து, சாலையைக் கடந்து போகச் சொன்னார்.